ஜாபிர் (ரலி) எங்கே பார்த்தார்கள்?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். சென்னைக்கு அருகே வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். கழிவறைப் பீங்கான் மேற்குப் பார்த்து அமையும்படி வரைபடம் போட்டிருக்கிறார்கள். கிப்லாவை நோக்கக் கூடாது என்று வாப்பா தடுக்கிறார்கள். மச்சானோ, "அந்தத் தடை மன்ஸூக், மாற்றப்பட்டுவிட்டது. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தாவதற்கு ஓராண்டு முன்பு கிப்லாவை நோக்கி இருந்ததை ஜாபிர் (ரலி) பார்த்திருக்கிறார்கள்" என்கிறார். தடுத்ததும் ஸஹீஹ், செய்ததும் ஸஹீஹ் என்றால் எது எதை மாற்றியது?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹ்.

தம்பி, உங்கள் கடைசி வரியில் ஒரு முடிவு முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஸஹீஹான ஹதீஸ்கள் மோதினால் ஒன்று மற்றொன்றை மாற்றியே இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். மார்க்கச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் அங்கே தொடங்குவதில்லை. உண்மையிலேயே மோதுகின்றனவா என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. அதற்கு விடை காண ஹதீஸ்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். வைத்துப் பார்ப்போம்.

தடையை அறிவிப்பவர் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி). மலஜலம் கழிக்கச் செல்பவர் கிப்லாவை முன்னோக்கவும் வேண்டாம், அதற்கு முதுகு காட்டவும் வேண்டாம், கிழக்கையோ மேற்கையோ நோக்கிக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக வருகிறது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மதீனாவுக்குக் கிப்லா தெற்கே. அங்கே கிழக்கு மேற்காக உட்கார்ந்தால் கிப்லாவை விட்டு விலகிவிடலாம். நம் ஊரில் அந்தச் சொல்லை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு மேற்கே திரும்பினால் நேராகக் கிப்லாவையே நோக்குவோம். யாரிடம், எந்த ஊரில் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் ஹதீஸை எடுத்தால், அதைப் பின்பற்றுவதாக நினைத்துக்கொண்டே அதற்கு மாறு செய்துவிடுவோம். இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

அடுத்தது இப்னு உமர் (ரலி) அறிவிப்பு. இதுவும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஒருநாள் ஏதோ வேலையாகத் தம் சகோதரி ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டுக் கூரை மேல் ஏறுகிறார்கள். கீழே நபி (ஸல்) அவர்கள் இரண்டு செங்கற்களின் மேல் அமர்ந்து, பைத்துல் முகத்தஸை நோக்கித் தம் தேவையை நிறைவேற்றிக்கொண்டிருப்பது கண்ணில் படுகிறது. மதீனாவிலிருந்து பைத்துல் முகத்தஸ் வடக்கே. அதை நோக்கினால் முதுகு கஅபாவின் பக்கம் இருக்கும். அபூ அய்யூப் (ரலி) அறிவிப்பில் முதுகு காட்டுவதும் தடுக்கப்பட்டிருக்கிறது. மோதல் இங்கேதான் எழுகிறது.

மூன்றாவது, உங்கள் மச்சான் எடுத்துக் காட்டிய ஜாபிர் (ரலி) அறிவிப்பு. அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் வருகிறது. சிறுநீர் கழிக்கும்போது கிப்லாவை நோக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள், பிறகு அவர்கள் மறைவதற்கு ஓராண்டு முன்பு கிப்லாவை நோக்கியதை நான் பார்த்தேன் என்பது அதன் சாரம். இமாம் திர்மிதி இதை ஹஸன் தரத்தில் வைக்கிறார்கள். வேறு சிலர் இதன் அறிவிப்பாளர் தொடரைக் குறை சொல்லியிருக்கிறார்கள். நாம் அதை ஏற்கத்தக்கது என்றே வைத்துக்கொள்வோம். மச்சானின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் நானும் உங்கள் மச்சான் சொன்னதையே சொன்னேன். இந்தப் பாடம் நடந்தபோது முந்திக்கொண்டு கையைத் தூக்கி, "காலம் தெளிவாகவே இருக்கிறது உஸ்தாத், பிந்தியது முந்தியதை மாற்றிவிட்டது" என்றேன். உஸ்தாத் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சரி, ஜாபிர் எங்கே வைத்துப் பார்த்தார்கள்?" என்று கேட்டார்கள். நான் கிதாபைப் புரட்டினேன். எப்போது என்பது இருந்தது. எங்கே என்பது இல்லை. "இல்லாததைத் தேடாதே, உட்கார்" என்றார்கள். அன்று முழுவதும் எனக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. ஆனால் இந்த மஸ்அலாவின் சாவி அந்த ஒரு கேள்விதான்.

ஏன் என்று பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் வாய்ச்சொல்லுக்குப் பொதுத்தன்மை உண்டு. "கிப்லாவை நோக்காதீர்கள்" என்றால் அது எல்லா இடத்தையும் தழுவும். ஒரு செயலுக்கு அந்தப் பொதுத்தன்மை இல்லை. ஒரு செயல் நடந்தால் ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு சூழலில்தான் நடந்திருக்கும். அதைப் பார்த்தவர் "பார்த்தேன்" என்கிறார், அவ்வளவுதான். அது நான்கு சுவருக்குள் நடந்ததா, திறந்தவெளியிலா என்பதை அவருடைய சொல் முடிவு செய்யவில்லை. சுவருக்குள் நடந்திருக்கலாம் என்ற வாய்ப்பு இருக்கும்வரை, அந்தச் செயல் திறந்தவெளித் தடையை நீக்கிவிட்டது என்று சொல்ல வழியில்லை. வாய்ப்பை வைத்துக்கொண்டு நஸ்கை, அதாவது ஒரு சட்டம் மாற்றப்பட்டதை, நிறுவ முடியாது என்பது உஸூல் என்ற சட்ட ஆய்வு முறைப் பாடத்தின் அடிப்படைகளில் ஒன்று. புகாரியின் விரிவுரையான ஃபத்ஹுல் பாரியில் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்கள் ஜாபிர் (ரலி) அறிவிப்பை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மறைவைப் பேணுவது நபி (ஸல்) அவர்களின் அறியப்பட்ட வழக்கம், ஆகவே ஜாபிர் (ரலி) பார்த்தது கட்டடத்திலோ அதைப் போன்ற மறைவிலோ இருந்திருக்கும், அது தடையை மாற்றியதாகாது என்பது அவர்களின் முடிவு.

காலம் தெரிந்துவிட்டால் மாற்றம் தெரிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். எது முந்தியது, எது பிந்தியது என்பதை மட்டுமே காலம் சொல்லும். பிந்தியது முந்தியதை நீக்கியதா, அல்லது அதன் எல்லையைக் காட்டியதா என்பது தனியே ஆராய வேண்டியது. "கடைக்குப் போகாதே" என்று காலையில் சொன்ன தாய், மாலையில் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறாள் என்றால் காலைச் சொல் ரத்தாகிவிடவில்லை.

ஆகவே ஷாஃபிஈ மத்ஹபும் ஹதீஸ் கலை அறிஞர்களில் பெரும்பாலோரும் கைக்கொள்ளும் வரிசையில் முதலில் வருவது ஜம்உ, அதாவது இரண்டையும் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுப்பது. அது முடியாதபோதுதான் காலத்தைத் தேடி நஸ்குக்குப் போவார்கள். காலமும் தெரியாவிட்டால் இரண்டில் வலிமையானதைத் தேர்ந்தெடுக்கும் தர்ஜீஹ். அதற்கும் வழியில்லை என்றால் தீர்ப்புச் சொல்லாமல் நிற்பது. இணைத்தல் முதலில் நிற்பதற்குக் காரணம் உண்டு. இணைத்தால் இரண்டு ஹதீஸும் உயிரோடிருக்கும். மாற்றப்பட்டது என்றால் ஒன்றை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறோம். நபி (ஸல்) அவர்களிடமிருந்து வந்தது உறுதி என்று ஒப்புக்கொண்ட ஒரு சொல்லை நாமாகக் கீழே வைப்பதற்கு வலுவான ஆதாரம் வேண்டாமா?

இந்த ஹதீஸ்களை இணைத்துக் காட்டிய முன்னோடி, ஹிஜ்ரி 204இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்). தம் அர்ரிஸாலா நூலிலும் இதைப் பேசியிருக்கிறார்கள். அவர்களின் விளக்கம் மதீனா வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறது. தடை சொல்லப்பட்ட மக்களில் பெரும்பாலோருக்கு வீடுகளில் கழிவிடம் கிடையாது. வெட்டவெளிக்குத்தான் போவார்கள். அங்கே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பி உட்காரலாம், கிப்லாவைத் தவிர்ப்பதில் சிரமம் ஏதுமில்லை. அதோடு, திறந்தவெளியில் தொழுபவர்களின் பார்வைக்கு எதிரே ஒருவர் மறைக்க வேண்டியதைத் திறந்து உட்காரும் நிலையும் நேரலாம். வீட்டுக்குள் இந்த இரண்டும் இல்லை. இடம் நெருக்கம், திரும்ப வசதி இராது, சுவரோ மறைக்கிறது. ஆகவே தடை திறந்தவெளிக்கு, அனுமதி கட்டடத்துக்கு.

அந்த விளக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு நபித்தோழர்களையும் அவர்கள் வைத்துப் பார்க்கும் விதம். அபூ அய்யூப் (ரலி) தடையைப் பொதுவாகக் கேட்டார்கள், பொதுவாகவே பின்பற்றினார்கள். ஷாமுக்குப் போனபோது அங்கே கழிவறைகள் கிப்லாவை நோக்கிக் கட்டப்பட்டிருந்தன, நாங்கள் அதில் திரும்பி உட்கார்ந்துகொண்டு அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுவோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களோ கண்ணால் கண்டதை வைத்து, எல்லா இடத்திலும் கூடாது என்று சொன்னவர்களை மறுத்தார்கள். ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்ததைக் கொண்டு பேசினார்கள், யாரும் தவறு செய்யவில்லை. பொதுவாக ஒன்றைக் கேட்டவர், பிரித்துக் காட்டும் ஆதாரம் கிடைக்கும்வரை பொதுவாகவே நடக்க வேண்டும். இரண்டும் கிடைத்தவர் பிரித்துப் பார்க்க வேண்டும். இதுதான் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலை.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: இந்தக் கட்டடம், வெட்டவெளி என்ற பிரிவினை ஹதீஸில் எங்கே இருக்கிறது, இமாமாகப் போட்ட கோடுதானே என்று. கேட்க வேண்டிய கேள்விதான். நினைத்த இடத்தில் கோடு போட்டால் உலகத்தில் எந்த இரண்டு சொற்களையும் இணைத்துவிடலாம். "அது காலைக்கு, இது மாலைக்கு" என்று யாரும் சொல்லிவிட்டுப் போகலாம். அப்படிப்பட்ட இணைப்பை உஸூல் அறிஞர்கள் ஏற்பதில்லை. கோட்டுக்கு ஆதாரம் வேண்டும், அது சொல்லின் இயல்பான பொருளைத் திருகக் கூடாது.

இங்கே ஆதாரம் இருக்கிறது. மர்வான் அல்அஸ்ஃபர் என்பவர் சொல்லி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. இப்னு உமர் (ரலி) தம் ஒட்டகத்தைக் கிப்லாவின் பக்கமாகப் படுக்கவைத்து, அதை நோக்கி அமர்ந்து சிறுநீர் கழிக்கிறார்கள். பார்த்தவர் திகைத்துப்போய், இது தடுக்கப்பட்டதல்லவா என்று கேட்கிறார். ஆம், ஆனால் அது திறந்தவெளியில்தான் தடுக்கப்பட்டது, உனக்கும் கிப்லாவுக்கும் இடையே உன்னை மறைக்கும் ஒன்று இருந்தால் குற்றமில்லை என்று பதில் வருகிறது. கூரையிலிருந்து பார்த்த அதே மனிதர் அந்தக் காட்சியை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு இது சாட்சி. தடை நீங்கிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. தடை இருக்கிறது, அதற்கு எல்லை இருக்கிறது என்றார்கள். ஷாஃபிஈ சட்ட நூல்கள் இதைப் பிடித்துக்கொண்டு அளவே சொல்லிவிட்டன: திறந்தவெளியில் மறைப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு முழ உயரம் இருக்க வேண்டும், அமர்பவருக்கும் அதற்கும் இடைவெளி மூன்று முழத்துக்கு மேல் போகக் கூடாது.

அப்படியானால் காலத்தைக் கொண்டு மாற்றத்தை நிறுவுவது எங்கேதான் சரி? அதே இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடமிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. நோன்பு வைத்துக்கொண்டு ஹிஜாமா செய்வது, அதாவது இரத்தம் குத்தி எடுத்துக்கொள்வது பற்றியது. குத்தி எடுத்தவரும் எடுத்துக்கொண்டவரும் நோன்பை முறித்துவிட்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இது மக்கா வெற்றியின் ஆண்டு, ஹிஜ்ரி 8, ரமளானில். நபி (ஸல்) அவர்களே இஹ்ராமிலும் நோன்பிலும் இருந்த நிலையில் ஹிஜாமா செய்துகொண்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமில் இருக்கும்போது இப்னு அப்பாஸ் (ரலி) உடனிருந்தது ஹிஜ்ரி 10இல், விடைபெறும் ஹஜ்ஜின்போதுதான் என்று இமாம் கணக்கிடுகிறார்கள். ஆக இரண்டாண்டு பிந்தியது. இங்கே பிரித்துப் போட இடம் இல்லை. நோன்பாளி ஒருவரே, செயலும் ஒன்றே. ஒன்று முறியும் என்கிறது, மற்றொன்று முறியாது என்று காட்டுகிறது. வீடு, வெளி என்பதைப் போல வேறுபட்ட இரண்டு சூழல்களும் கையில் இல்லை. ஆகவே இரண்டும் உறுதியென்றால் பிந்தியதே மாற்றியது என்றார்கள். அப்போதும், நோன்பாளி பேணுதலுக்காக அதைத் தவிர்ப்பதே எனக்கு விருப்பம் என்று சேர்த்துக்கொண்டார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) இந்த முடிவை ஏற்கவில்லை, நோன்பு முறியும் என்பதே அவர்களின் நிலை.

நஸ்குக்கு இதைவிடத் தெளிவான வழி, நபி (ஸல்) அவர்களே சொல்லிவிடுவது. கப்ருகளைச் சந்திப்பதை உங்களுக்குத் தடுத்திருந்தேன், இனிச் சந்தியுங்கள் என்ற ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. அதில் தடையும் நீக்கமும் ஒரே மூச்சில் வருகின்றன, யாரும் வாதிட வேண்டியதில்லை. ஜாபிர் (ரலி) அறிவிப்பு இப்படி இருந்திருந்தால், அல்லது "நாங்கள் வெட்டவெளியில் இருந்தோம், எந்த மறைப்பும் இல்லை" என்று ஒரு வரி இருந்திருந்தால், உங்கள் மச்சானோடு நானும் சேர்ந்துகொள்வேன்.

மச்சானை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். எங்கும் நோக்கலாம் என்ற கருத்து உர்வா, ரபீஆ, தாவூத் ழாஹிரி ஆகியோரிடமிருந்து வந்திருக்கிறது. சிறிய பெயர்கள் அல்ல. அவர் ஒரு பழைய கருத்தை எடுத்திருக்கிறார், ஆனால் பலவீனமானதை எடுத்திருக்கிறார்.

வாப்பா ஹனஃபி மத்ஹபா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நம் மாநிலத்தில் கரையோர ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈ, உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி என்பதால் கேட்கிறேன். ஹனஃபி என்றால் அவர்கள் தடுப்பது அந்த மத்ஹபின் நேரடித் தீர்ப்பு. முன்னோக்குவதும் முதுகு காட்டுவதும் வீட்டிலும் வெளியிலும் வெறுக்கத்தக்கது, ஹராமுக்கு நெருக்கமானது என்கிறார்கள். அவர்களின் உஸூலில் வரிசையே வேறு. காலம் தெரிந்தால் நஸ்கும், அடுத்து தர்ஜீஹும், பிறகுதான் இணைப்பும். அப்படிப் பார்த்தால் ஜாபிர் (ரலி) சொன்ன காலத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள்தான் முதலில் "மாற்றப்பட்டது" என்று சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றும். சொல்லவில்லை. மாற்றுவதற்கு இரண்டும் ஒரே தட்டில் நிற்க வேண்டும். தெளிவான வாய்மொழித் தடைக்கு, பலவாறு பொருள்படும் ஒரு செயல் ஈடாகாது. ஆகவே செயலைவிடச் சொல்லையும், அனுமதியைவிடத் தடையையும் மேலே வைத்தார்கள். அதோடு, கூரையிலிருந்து தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரு தனிமைக் காட்சி, மக்களுக்குச் சட்டம் கற்பிக்க நடந்தது அல்ல என்றும், கிப்லாவின் கண்ணியம்தான் காரணம் என்றால் சுவர் எழும்பியதால் அது குறைந்துவிடாது என்றும் வாதிடுகிறார்கள். வலுவான வாதம்தான். ஒட்டகச் செய்தியும், வீட்டு நெருக்கமும் சேர்ந்து என்னை ஷாஃபிஈ விளக்கத்தின் பக்கம் நிறுத்துகின்றன. நான் ஓதியதும் அந்த மத்ஹப்தான் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இரு தரப்பும் எவ்வளவு விலகி நின்றாலும், தடை மாற்றப்பட்டுவிட்டது என்று இருவருமே சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

இனி உங்கள் வீடு. ஷாஃபிஈ சட்டப்படி, கழிவறை என்று கட்டப்பட்ட அறைக்குள் கிப்லாவை நோக்கினாலும் முதுகு காட்டினாலும் குற்றமில்லை. திரும்ப வசதி இருந்தும் திரும்பாமல் இருப்பது மேலானதை விடுவதாகும், அவ்வளவுதான். ஏற்கனவே கட்டி முடித்த வீடாக இருந்தால், இடிக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். உங்களுடையது இன்னும் வரைபடத்தில் இருக்கிறது. சென்னைப் பகுதிக்குக் கிப்லா நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. பீங்கானை வடக்கு தெற்காகத் திருப்பிவிட்டால் எந்த மத்ஹபுக்காரர் வந்து உட்கார்ந்தாலும் பேச்சு எழாது. கிழக்கு நோக்கித் திருப்பச் சொல்லாதீர்கள், அப்போது முதுகு கிப்லாவுக்கு வரும், வாப்பாவின் ஆட்சேபம் அப்படியே இருக்கும். அறையின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் கதவின் இடத்தை மாற்ற வேண்டி வரலாம். குழாய் பதிக்கும் முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். தளம் போட்ட பிறகு கழிவுக் குழாயை நகர்த்துவது வீண் செலவு.